வங்கியின் புதிய கட்டண அறிவித்தல்: அம்மாவின் கணக்கை வேறு வகைக்கு மாற்றுவதா, விட்டுவிடுவதா?

கொக்குவில் மகள்

அம்மாவும் நானும் கூட்டாக வைத்திருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு, யாழ் நகரிலுள்ள எங்கள் வங்கிக் கிளையிலிருந்து கட்டண மாற்ற அறிவித்தல் ஒன்று வந்திருக்கிறது. அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறதாம். வங்கியின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. எந்த வங்கியாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அறிவித்தலின் சாரம் இதுதான். சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்க வேண்டிய ஆகக்குறைந்த மீதி இதுவரை 2,000 ரூபாவாக இருந்தது, இனி 10,000 ரூபா. அதற்குக் கீழே போனால் அந்த மாதத்துக்கு 250 ரூபா கழிப்பார்கள். கவுண்டரில் பணம் எடுப்பது மாதத்தில் இரண்டு தடவை இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் 100 ரூபா. ஏ.டி.எம். அட்டையின் வருடக் கட்டணம் 900 ரூபா, குறுஞ்செய்தி அறிவிப்புக்கு மாதம் 30 ரூபா. வட்டி முன்னைய 2.5 வீதமே தொடரும்.

அதே தாளின் பின்பக்கத்தில் வேறு இரண்டு கணக்கு வகைகளைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று சிறப்புச் சேமிப்பு. அதில் மாதச் சராசரி மீதி 50,000 ரூபா இருந்தால் மேற்சொன்ன கட்டணங்கள் எதுவும் கிடையாது, வட்டியும் 3 வீதம். சராசரி குறைந்தால் அந்த மாதத்துக்கு 500 ரூபா. மற்றையது சிரேஷ்ட பிரஜைகள் சேமிப்பு. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அதில் ஆகக்குறைந்த மீதி என்று எதுவும் இல்லை, கணக்குள்ள கிளையில் மாதம் நான்கு தடவை இலவசமாகப் பணம் எடுக்கலாம், அட்டைக் கட்டணம் 450 ரூபா, குறுஞ்செய்திக்கு அதே 30 ரூபா, வட்டி 2.5 வீதம்.

அம்மாவுக்கு 71 வயது. கணக்குக்கு வரும் பணம் இரண்டே வழிதான்: கனடாவிலிருக்கும் அண்ணா மாதாமாதம் அனுப்புவதும், கொக்குவில் சந்திக்கு அருகிலுள்ள எங்கள் சிறிய கடையறையின் வாடகையும். வீட்டுச் செலவும் மருந்தும் அதிலேயே போகின்றன. கவுண்டரில் நின்று தன் கையால் காசை எண்ணி வாங்கினால்தான் அம்மாவுக்கு மனம் ஆறும். அட்டை என்னிடம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் பாவிப்பதில்லை.

தாளைப் பார்த்தவுடன் சிரேஷ்ட பிரஜைகள் கணக்குத்தான் சரி என்று தோன்றுகிறது. இவ்வளவு இலகுவாக முடிவெடுத்துவிடலாமா என்பதுதான் என் சந்தேகம்.

நல்லூர் வாசகன்

வங்கிகள் தாம் நினைத்தபடி கட்டணத்தைக் கூட்ட முடியாது. மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அங்கே ஒரு முறைப்பாட்டைக் கொடுங்கள். அதற்கு மனமில்லை என்றால் சிறப்புச் சேமிப்புக்கு மாறிவிடுங்கள். ஒரு கட்டணமும் இல்லை, வட்டியும் கூட. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பழைய கவுண்டர்

நல்லூர் வாசகன் சொன்னதில் பாதி சரி. 2023ஆம் ஆண்டு மத்திய வங்கி வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, வங்கி தனது கட்டணங்களை வாடிக்கையாளருக்குத் தெளிவாக வெளிப்படுத்த வேண்டும், முறைப்பாடுகளை ஏற்று விசாரிக்கவும் வேண்டும். வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லலாம். ஆனால் ஒரு சேமிப்புக் கணக்கின் ஆகக்குறைந்த மீதி 2,000 ரூபாவா, 10,000 ரூபாவா என்பது வங்கியின் வணிக முடிவு. முறையாக அறிவித்துவிட்டுக் கூட்டியிருந்தால், கூட்டியது என்ற ஒரே காரணத்துக்காக முறைப்பாடு நிற்காது.

தங்கச்சி, நீங்கள் தொகைகளை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்புகளை எழுதவில்லை. கட்டண அறிவித்தலில் நான் முதலில் பார்ப்பது அந்தக் குறிப்புகளைத்தான். மூன்று விடயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சாதாரண கணக்கின் 10,000 ரூபா என்பது எந்த மீதி? மாதத்தின் எந்தவொரு நாளின் முடிவிலும் குறையக் கூடாது என்கிறார்களா, மாதச் சராசரியா, அல்லது மாதக் கடைசி நாளின் மீதியா? இந்த மாற்றம் ஏற்கனவே உள்ள கணக்குகளுக்குமா, புதிதாகத் திறப்பவற்றுக்கு மட்டுமா? சிரேஷ்ட பிரஜைகள் கணக்கை யார் பெயரில் திறக்கலாம்?

அத்துடன் வங்கிப் புத்தகத்தை எடுத்து, வழக்கமான ஒரு மாதத்தின் பதிவுகளைத் திகதி வாரியாக இங்கே போடுங்கள். அது இல்லாமல் எந்தக் கணக்கு மலிவு என்று எவராலும் சொல்ல முடியாது.

ஸ்கார்பரோ தம்பி

அக்கா, அண்ணா கனடாவிலிருந்து அனுப்பும் பணம் என்றால் நீங்கள் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறப்பதுதான் நல்லது. டொலராகவே கிடக்கும், ரூபாவின் பெறுமதி இறங்கினாலும் கவலையில்லை. எனது மாமிக்கு அப்படித்தான் செய்துகொடுத்தேன்.

பழைய கவுண்டர்

தம்பி, சேர்த்துவைக்கும் பணத்துக்கு அது பொருந்தும். இவர்களுடைய பணம் வந்த மாதத்திலேயே சந்தைக்கும் மருந்துக் கடைக்கும் போய்விடுகிறது. டொலராக வைத்திருந்தாலும் மறுநாளே ரூபாவாக மாற்றித்தான் எடுக்க வேண்டும். கேள்வி ரூபாக் கணக்கின் கட்டணம் பற்றியது.

கொக்குவில் மகள்

குறிப்புகளைப் பார்த்தேன் ஐயா. 10,000 ரூபாவுக்கு மேலே ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது. கீழே “மாதத்தின் எந்தவொரு நாளின் முடிவிலும் மீதி இத்தொகைக்குக் குறையுமாயின் அம்மாதத்துக்கான கட்டணம் அறவிடப்படும்” என்று போட்டிருக்கிறார்கள். தற்போதுள்ள எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் பொருந்தும் என்றும் இருக்கிறது. சிரேஷ்ட பிரஜைகள் கணக்கு யார் பெயரில் என்பது பற்றித் தாளில் எதுவும் இல்லை. கிளையில் கேட்க வேண்டும்.

புத்தகத்தில் ஒரு வழக்கமான மாதம் இப்படி இருக்கிறது. மாதம் தொடங்கும்போது மீதி 7,000 ரூபா. 5ஆம் திகதி அண்ணாவின் 45,000 ரூபா வந்து மீதி 52,000 ஆகிறது. 6ஆம் திகதி 20,000 எடுக்க 32,000. 15ஆம் திகதி வாடகை 18,000 சேர்ந்து 50,000. 16ஆம் திகதி 18,000 எடுக்கத் திரும்பவும் 32,000. 22ஆம் திகதி 15,000 எடுக்க 17,000. 28ஆம் திகதி 10,000 எடுக்க 7,000. அதோடு மாதம் முடிகிறது. நான்கு தடவையும் கவுண்டரில்தான் எடுத்திருக்கிறோம்.

இதைத் தவிர அம்மாவின் பெயரில் 200,000 ரூபா நிலையான வைப்பில் இருக்கிறது, 8 வீத வட்டிக்கு.

பழைய கவுண்டர்

இப்போது பேசலாம்.

இந்தக் கணக்கில் மாதம் 63,000 ரூபா வந்து 63,000 ரூபா போகிறது. ஒவ்வொரு நாள் முடிவிலும் இருக்கும் மீதியைக் கூட்டி 30 நாளால் பிரித்தால் சராசரி ஏறக்குறைய 24,400 ரூபா வருகிறது. வங்கி சராசரியைப் பார்த்திருந்தால் மீதி குறைந்ததற்கென்று உங்களுக்கு ஒரு சதமும் கட்டணம் விழாது. ஆனால் நட்சத்திரக் குறி நாள் முடிவைப் பார்க்கிறது. மாதத்தின் முதல் நான்கு நாளும் கடைசி மூன்று நாளும் மீதி 7,000 ரூபாதான். ஆகவே மாதத்தில் 23 நாட்கள் நிறையப் பணம் இருந்தும், ஒவ்வொரு மாதமும் 250 ரூபா போகும். வருடத்துக்கு 3,000 ரூபா. நான்கு தடவை கவுண்டருக்குப் போவதால் இரண்டு தடவைக்கு 200 ரூபா, வருடத்துக்கு 2,400 ரூபா. அட்டை 900, குறுஞ்செய்தி 360. எதையும் மாற்றாமல் இருந்தால் வருடத்துக்கு 6,660 ரூபா. இந்தச் சராசரிக்கு வருடம் முழுவதற்கும் வங்கி தரும் வட்டி 610 ரூபா மட்டும்.

இந்த 6,660ஐப் பார்த்துப் பயந்துதான் பலர் உடனே வேறு வகைக்கு மாறுகிறார்கள். ஆனால் அதில் 5,400 ரூபா கணக்கின் வகையால் வரவில்லை, நீங்கள் அதைப் பாவிக்கும் முறையால் வருகிறது. கணக்கில் 5,000 ரூபாவை ஒரு தடவை மேலதிகமாகப் போட்டு, அதை இல்லாத காசாக நினைத்துக்கொண்டால், மாதத்தின் ஆகக்குறைந்த மீதி 12,000 ரூபா ஆகிவிடும். 3,000 ரூபாக் கட்டணம் முற்றாக நின்றுவிடும். அந்த 5,000ஐ நிலையான வைப்பில் போட்டிருந்தால் 400 ரூபா வட்டி வந்திருக்கும், இங்கே 125 ரூபா வரும். அதாவது 275 ரூபா இழந்து 3,000 ரூபாவைக் காப்பாற்றுகிறீர்கள்.

குறைவது 3,000 ரூபாதானே, ஏன் 5,000 என்று கேட்பீர்கள். சரியாக 10,000 ரூபாவில் நிறுத்துவதுதான் இதிலுள்ள பொறி. அட்டையின் 900 ரூபாவை வங்கி உங்களிடம் கேட்டுவிட்டு எடுப்பதில்லை. வருடத்தில் ஒரு நாள் அது தானாகக் கழிபடும். அன்று மீதி 9,100 ஆகும், அந்த ஒரு நாளுக்காக இன்னொரு 250 ரூபா போகும், அது கழிந்தபின் மீதி இன்னும் இறங்கும், அடுத்த மாதமும் கட்டணம் விழும். பணம் எதுவும் எடுக்காமலே ஒரு கணக்கு இப்படிக் கட்டணத்தால் கட்டணத்துக்குள் விழுந்துபோனதைக் கவுண்டரில் இருந்த காலத்தில் எத்தனையோ புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். அந்தப் புத்தகங்களில் அடுத்தடுத்த மாதத் தொடக்கத்தில் ஒரே சிறிய தொகை திரும்பத் திரும்பக் கழிபட்டிருக்கும். உங்கள் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கண்டால், அதற்கு முந்திய மாதத்தின் ஆகக்குறைந்த மீதியைத் தேடுங்கள், காரணம் அங்கே இருக்கும்.

கவுண்டர் விடயத்துக்கு, நான்கில் இரண்டை நீங்கள் அட்டையால் அதே வங்கியின் இயந்திரத்தில் எடுங்கள். அம்மா மற்ற இரண்டுக்கும் கவுண்டருக்குப் போகட்டும். அப்போது மிஞ்சுவது அட்டையும் குறுஞ்செய்தியும்: 1,260 ரூபா. இழக்கும் வட்டியையும் சேர்த்தால் 1,535 ரூபா. மற்ற இரண்டு கணக்குகளையும் ஒப்பிட வேண்டியது இந்த 1,535 ரூபாவுடன். 6,660 ரூபாவுடன் ஒப்பிட்டால் எந்தக் கணக்கும் நல்லதாகத்தான் தெரியும்.

சுன்னாகத்துக் கடை

எனக்கும் இதே மாதிரித் தாள் வந்தது, ஆனால் என்னுடையது நடைமுறைக் கணக்கு. திரும்பிய காசோலைக்கான கட்டணத்தைக் கூட்டியிருந்தார்கள். எனக்கு மீதி ஒரு பிரச்சினையே இல்லை, தினமும் கடைக் காசு விழுகிறது. கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலை ஒன்று, வாடிக்கையாளர் தந்த காசோலை தீர்வாகும் முன்னரே வந்து நின்றுவிட்டது. புத்தகத்தில் காசு இருக்கிறது, எடுக்கக்கூடிய காசு இல்லை. கட்டணமும் போனது, வியாபாரியின் முகமும் சுருங்கியது. அறிவித்தலில் ‘மீதி’ என்று சொன்னால் தீர்வாகாத காசோலையையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். சகோதரியின் வாடகை காசோலையாக வந்தால் இது பொருந்தும்.

கொக்குவில் மகள்

வாடகை இணையவழிப் பரிமாற்றமாகத்தான் வருகிறது அண்ணை, உடனே கணக்கில் விழுந்துவிடும்.

நல்லூர் வாசகன்

பழைய கவுண்டர் ஐயாவின் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் சிறப்புச் சேமிப்பை அவர் பார்க்கவே இல்லை. நான் போட்டுப் பார்த்தேன். சராசரி 50,000 வேண்டும், கைகாவலாக 55,000 என்று வைத்துக்கொள்வோம். இப்போது இருப்பது 24,400. ஆகவே நிலையான வைப்பிலிருந்து 30,600 ரூபாவை இங்கே கொண்டுவர வேண்டும். அந்தத் தொகைக்கு 8 வீதத்துக்குப் பதில் 3 வீதம் கிடைப்பதால் 1,530 ரூபா இழப்பு. ஏற்கனவே இருக்கும் 24,400க்கு அரை வீதம் கூடுவதால் 122 ரூபா லாபம். நிகரச் செலவு 1,408 ரூபா. அட்டை இலவசம், குறுஞ்செய்தி இலவசம், அம்மா தன் விருப்பப்படி எத்தனை தடவையும் கவுண்டருக்குப் போகலாம். 1,535ஐ விட 1,408 குறைவுதானே? அதிலும் 71 வயதில் ஒருவருடைய பழக்கத்தை எதற்கு மாற்ற வேண்டும்?

பழைய கவுண்டர்

கணக்கு சரி. நீங்கள் போட்டது எல்லாம் திட்டப்படி நடக்கும் வருடத்தின் கணக்கு. 127 ரூபா லாபம் ஒரேயொரு மாதம் சராசரி தவறினால் முடிந்துவிடும், ஏனெனில் அந்த மாதத்துக்கு 500 ரூபா.

சராசரி எப்படித் தவறும் என்று பாருங்கள். மகன் பணம் அனுப்பப் பத்து நாள் பிந்துகிறார் என்று வையுங்கள். 45,000 ரூபா பத்து நாள் கணக்கில் இல்லை என்றால், மாதச் சராசரி 15,000 ரூபா குறையும். 55,000 என்று காவலோடு வைத்தது 40,000க்கு வந்துவிடும். உண்மையில் பணம் பிந்தினால் அம்மா எடுப்பதையும் பிந்துவார், ஆகவே முழு 15,000மும் குறையாமல் இருக்கலாம். ஆனால் 5,000 ரூபாக் காவல் அதைத் தாங்குமா என்று நிச்சயமில்லை.

இன்னொன்று, சராசரியைக் கடைசி நேரத்தில் சரிசெய்ய முடியாது. மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, இப்படியே போனால் சராசரி 10,000 ரூபா குறையும் என்று தெரிகிறது என்று வையுங்கள். அதை நிரப்ப 10,000 ரூபா போட்டால் போதாது. அந்தக் குறை முப்பது நாளுக்கும் பரவியது, உங்களிடம் இருப்பதோ ஐந்து நாள். 60,000 ரூபாவைக் கொண்டுவந்து ஐந்து நாள் வைத்திருக்க வேண்டும். நாள் முடிவு மீதியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே அம்மா ஒரேயொரு கோட்டை நினைவில் வைத்திருந்தால் போதும்: புத்தகத்தில் 12,000க்குக் கீழே எடுப்பதில்லை. கவுண்டரில் நிற்கும்போதே அது கண்ணுக்குத் தெரியும். சராசரி புத்தகத்தில் எந்த வரியிலும் தெரியாது.

நிலையான வைப்பை முதிர்வுக்கு முன் உடைத்தால் அதுவரை சேர்ந்த வட்டியிலும் குறைப்பார்கள். ஆகவே சிறப்புச் சேமிப்புக்குப் போவதானாலும் வைப்பு முதிரும் வரை பொறுக்க வேண்டும்.

பழக்கத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டீர்கள், அது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

பருத்தித்துறை ஆசிரியை

நான் சிரேஷ்ட பிரஜைகள் கணக்கு ஒன்றை வேறொரு வங்கியில் பல வருடமாக வைத்திருக்கிறேன். குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதற்கு மாறியபோது எனக்குக் கணக்கு இலக்கமே மாறிவிட்டது. என்னுடைய ஓய்வூதியம் பழைய இலக்கத்துக்கு வந்துகொண்டிருந்ததால் பிரதேச செயலகத்தில் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மாற்றம் நடந்து புதிய கணக்கில் ஓய்வூதியம் விழுந்ததைக் கண்ணால் கண்ட பின்னர்தான் பழைய கணக்கை மூடினேன். அவசரப்பட்டு முதலில் மூடிய என் சிநேகிதி ஒருவர் ஒரு மாத ஓய்வூதியத்துக்கு வங்கிக்கும் செயலகத்துக்கும் இடையில் அலைந்தார்.

கொக்குவில் மகளின் அம்மாவுக்கு ஓய்வூதியம் இல்லாவிட்டாலும், அண்ணாவிடமும் கடை வாடகைக்காரரிடமும் பழைய இலக்கம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர்கள் ஒரு தடவை பதிந்த இலக்கத்தை வைத்தே மாதாமாதம் அழுத்திவிடுவார்கள். மூடிய கணக்குக்கு அனுப்பிய பணம் திரும்பிப் போய்ச் சேர எத்தனை நாள் எடுக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கொக்குவில் மகள்

கிளைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். பலகையில் ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலையும் பார்த்தேன், தாளில் இருப்பதும் அதுவும் ஒன்றுதான்.

சாதாரண கணக்கிலிருந்து சிறப்புச் சேமிப்புக்குப் போவதென்றால் ஒரு படிவத்தில் இருவரும் கையொப்பமிட்டால் போதும், இலக்கம் மாறாது. சிரேஷ்ட பிரஜைகள் கணக்குக்குப் போவதென்றால் புதிதாகத்தான் திறக்க வேண்டும், இலக்கம் வேறு. அதைவிட முக்கியமானது, அந்தக் கணக்கைத் தனிப் பெயரில் மட்டும்தான் திறக்கலாம். அம்மாவின் பெயர் மட்டும். நான் கூட்டாக இருக்க முடியாது. அந்த உத்தியோகத்தர் பிள்ளை மிகப் பொறுமையாக விளக்கினார். அம்மா எனக்குப் பணம் எடுக்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுக்கலாம், என்னை நியமனதாரராகவும் பெயரிடலாம், ஆகவே வித்தியாசம் ஒன்றுமில்லை என்றார்.

இங்கேயுள்ள முறையில் கணக்குப் போட்டால் சிரேஷ்ட பிரஜைகள் கணக்கின் வருடச் செலவு 450உம் 360உம் சேர்ந்து 810 ரூபா. சாதாரண கணக்கைத் திருத்திப் பாவித்தால் 1,535 ரூபா. வித்தியாசம் 725 ரூபா. உத்தியோகத்தர் சொன்னது போல உண்மையில் வேறு வித்தியாசம் இல்லையா?

பழைய கவுண்டர்

இருக்கிறது. அந்தப் பிள்ளை சொன்ன இரண்டும் உண்மை, ஆனால் அவை இரண்டு வெவ்வேறு காலத்துக்கு உரியவை.

எழுத்தில் கொடுக்கும் அதிகாரம் அம்மா உயிரோடு, தெளிந்த நினைவோடு இருக்கும் வரைக்குமானது. அவர் காலமானவுடன் அது செல்லாது. அதற்குப் பின் அட்டையால் எடுப்பதும் முறையல்ல. நியமனம் அதற்கு நேர்மாறு. அம்மா இருக்கும் வரை நியமனதாரருக்கு அந்தக் கணக்கில் ஒரு உரிமையும் இல்லை. காலமான பின் இறப்புச் சான்றிதழுடன் போய் மீதியைப் பெறலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடக்கிறார், பணம் வேண்டும் என்ற நேரத்தில் நியமனம் உதவாது, அதிகாரக் கடிதத்தை வங்கி ஏற்குமா என்பது முகாமையாளர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

உங்களுடைய கூட்டுக் கணக்கு எப்படித் திறக்கப்பட்டது என்று பாருங்கள். இருவரில் எவரும் தனியே எடுக்கலாம், ஒருவர் இல்லாதபோது மற்றவருக்கு உரியது என்ற அறிவுறுத்தல் இருந்தால், மேற்சொன்ன எந்த நேரத்திலும் உங்கள் கையொப்பம் செல்லும். இருவரும் சேர்ந்தே கையொப்பமிட வேண்டும் என்று இருந்தால் அந்த நன்மை இப்போதும் இல்லை, இழப்பதற்கும் ஒன்றுமில்லை. திறந்த நாளில் கொடுத்த படிவத்தின் பிரதியைக் கேட்டால் காட்டுவார்கள்.

புதிதாகத் திறப்பதானால் வரிப் பிரகடனத்தையும் மறக்க வேண்டாம். வட்டியில் நிறுத்திவைக்கும் வரி 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம். வருட வருமானம் 1,800,000 ரூபாவுக்குக் குறைந்தவர் பிரகடனம் கொடுத்தால் கழிக்க மாட்டார்கள். நிலையான வைப்புக்காக அம்மா ஏற்கனவே கொடுத்திருப்பார், அது புதிய இலக்கத்துக்கும் சேர்க்கப்பட்டதா என்று கேளுங்கள். சேமிப்புக் கணக்கின் 610 ரூபாவில் 61 ரூபாதான், ஆனாலும் உங்கள் காசு.

பருத்தித்துறை ஆசிரியை

எனக்கு இதில் கொஞ்சம் வேறு எண்ணம். கூட்டுக் கணக்கில் பிள்ளை ஒருவர் இருந்தால் மற்றப் பிள்ளைகளோடு பின்னர் பேச்சு வரும். அண்ணா அனுப்பும் பணம் தங்கையின் பெயரிலும் கிடக்கிறது என்று இன்று யாரும் நினைக்க மாட்டார்கள். நாளைக்கு நினைக்கலாம். அம்மாவின் காசு அம்மாவின் பெயரில் தனியே இருப்பதும், அதற்கு நியமனதாரர் இருப்பதும் எல்லோருக்கும் நிம்மதி. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கையில் ஒரு தொகை வீட்டில் இருந்தால் போதும்.

சுன்னாகத்துக் கடை

டீச்சர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டில் காசு வைத்திருங்கள் என்று இந்தக் காலத்தில் வயது போன ஆட்களுக்குச் சொல்லாதீர்கள்.

கொக்குவில் மகள்

படிவத்தைப் பார்த்தோம். எவரும் தனியே எடுக்கலாம், மற்றவருக்கு உரியது என்றுதான் இருக்கிறது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 725 ரூபாவுக்காக உன் பெயரை வெட்டுவதா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அண்ணாவும் தொலைபேசியில் அதையே சொன்னார், ஆகவே ஆசிரியை அக்கா பயந்தது இப்போதைக்கு எங்கள் வீட்டில் இல்லை.

ஆகவே சாதாரண கணக்கிலேயே இருக்கிறோம். அடுத்த மாதம் முதலாம் திகதிக்கு முன்னர் 5,000 ரூபா மேலதிகமாகப் போடுகிறோம். அண்ணாவின் பணம் முதல் நாளே வந்துசேர வாய்ப்பில்லாததால், இந்த மாதக் கடைசியில் எடுக்கும் 10,000 ரூபாவில் பாதியை எடுக்காமல் விடுவதுதான் வழி. வங்கிப் புத்தகத்தின் உறையில் 12,000 என்று அம்மா பெரிய இலக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். கவுண்டருக்கு மாதம் இரண்டு தடவை என்பதற்கு மட்டும் இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. மூன்றாவது தடவைக்கு 100 ரூபா கொடுத்தால் என்ன என்கிறார்.

நல்லூர் வாசகன்

மாதம் 100 என்றால் வருடத்துக்கு 1,200. அப்போது சாதாரண கணக்கு 2,735 ரூபா ஆகிறது, சிறப்புச் சேமிப்பில் இரண்டு மாதம் சராசரி தவறினாலும் 2,408 ரூபாதான், அதுவும் இலக்கமும் கூட்டுப் பெயரும் மாறாமல். நிலையான வைப்பு முதிரும்போது திரும்பவும் யோசியுங்கள் என்றுதான் சொல்வேன்.

பழைய கவுண்டர்

அம்மா உண்மையிலேயே மூன்று தடவை போவார் என்றால் நீங்கள் சொல்வது சரி. முதல் மூன்று மாதப் பதிவுகளைப் பார்த்த பின் வைப்பு முதிர்வுத் திகதிக்கு வைத்துப் பேசலாம். தங்கச்சி, வைப்பு எப்போது முதிர்கிறது? தானாகப் புதுப்பிக்கும் அறிவுறுத்தல் கொடுத்திருந்தால் அந்தத் திகதிக்கு முன்னர் போய் மாற்ற வேண்டும், பிந்தினால் இன்னொரு தவணைக்குப் பூட்டப்பட்டுவிடும்.

கொக்குவில் மகள்

பங்குனியில் முதிர்கிறது ஐயா. தானாகப் புதுப்பிக்கும்படிதான் கொடுத்திருக்கிறோம். பத்திரத்தை எடுத்துத் திகதியைப் பார்த்து எழுதுகிறேன்.